மெர்டேக்கா

மலாய், இந்தோனேசிய மொழிகளில் ‘விடுதலை’ என்று பொருள்படும் இச்சொல்லின் மூலம் ‘மஹர்த்திக’ என்ற வடசொல். மகா, ருத்தி இரண்டும் சேர்ந்தது. பெருஞ்செல்வமும் வல்லமையும் உடையவர் என்பது பொருள். டச்சுக்காரர் ஆண்ட படாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) விடுவிக்கப்பட்ட அடிமைகளும் அவர்கள் வழிவந்தோரும் ‘மார்டைக்கர்’ எனப்பட்டனர். அவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு.

1945 ஆகஸ்ட் 17இல் சுகர்ணோ விடுதலையை அறிவித்தபின் இச்சொல்லே இந்தோனேசியரின் போர்முழக்கமானது. டச்சுக்காரர் 1947இலும் 1948இலும் பெரும்படையெடுத்தனர். அதற்கு ‘போலீஸ் நடவடிக்கை’ என்று பெயரிட்டதே அநியாயம். கெரில்லாப் போரும் அமெரிக்காவின் நெருக்குதலும் சேர்ந்து அவர்களை ஹேக் மாநாட்டுக்கு இழுத்தன. 1949 டிசம்பர் 27இல் ஆட்சி கைமாறியது. ஆனால் காலனி அரசின் கடனில் சுமார் 430 கோடி கில்டரை இந்தோனேசியா ஏற்க நேர்ந்தது. தன்னை ஒடுக்கிய படைச்செலவின் ஒரு பங்கும் அதில் அடக்கம்.

மலாயாவில் துங்கு அப்துல் ரகுமான் 1956இல் லண்டன் சென்று பேசியே விடுதலைக்குத் தேதி பெற்றார். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுடன் 1948 முதல் போரிட்டுவந்த பிரிட்டனுக்கு, மிதவாதிகளிடம் ஆட்சியை ஒப்படைப்பது உகந்ததாக இருந்தது. 1957 ஆகஸ்ட் 31 அன்று கோலாலம்பூர் அரங்கில் துங்கு இச்சொல்லை ஏழு முறை முழங்கினார்.