ஆண்டீஸ் மலையின் இருபுறமும்: அர்ஜென்டினா – சிலி கடற்படைப் போட்டியும் அனைத்துலக உறவுக் கோட்பாடுகளும்

முன்னுரை

அண்டை நாடுகள் ஒன்றையொன்று அஞ்சி ஆயுதம் குவிப்பது ஏன் என்ற வினாவுக்கும், அவ்வாறு குவித்தவை பின்னர் நிறுத்திக்கொள்வது எப்படி என்ற வினாவுக்கும் அனைத்துலக உறவுகள் என்னும் துறையில் இருவேறு விடைகள் கூறப்பட்டு வருகின்றன. ஒன்று நடப்பியல் எனப்படும் யதார்த்தவாதம், மற்றொன்று தாராளவாதம். இவ்விரண்டையும் விளக்கும் நூல்கள் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முந்திய பிரிட்டன் – ஜெர்மனி கடற்படைப் போட்டியையே சான்றாகக் காட்டுகின்றன. அப்போட்டியின் முடிவு போர் என்பதால், அது நடப்பியலுக்கே சாதகமான சான்றாகி விடுகிறது. கோட்பாடுகளை நேர்மையாகச் சோதிக்க வேண்டுமாயின், மூண்டு எரிந்த பின்னர் அணைந்த ஒரு போட்டியை நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். 1890களில் வளர்ந்து 1902இல் ஓர் ஒப்பந்தத்தால் நின்ற அர்ஜென்டினா – சிலி கடற்படைப் போட்டி அத்தகையது. அதனை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இரு கோட்பாடுகளின் எதிர்பார்ப்பு

நடப்பியலாரின் தொடக்கப்புள்ளி, நாடுகளுக்கு மேலே அவற்றைக் காக்கும் அதிகாரம் எதுவும் இல்லை என்பதாகும். எனவே ஒவ்வொரு நாடும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியதாகிறது. தற்காப்புக்கென்று ஒருவர் வாங்கும் கப்பல் அடுத்தவர் கண்ணுக்குத் தாக்குதலுக்கான கப்பலாகத் தோன்றுகிறது. அவரும் ஒன்று வாங்குகிறார். ஜான் ஹெர்ஸ் 1950இல் இந்நிலையைப் 'பாதுகாப்பு இக்கட்டு' என்ற கருத்தாக வகுத்தார். இக்கோட்பாட்டின்படி ஒரு போட்டி நிற்க வேண்டுமானால் வலிமை சமனிலை அடைய வேண்டும், அல்லது ஒரு தரப்பு ஓய்ந்துபோக வேண்டும், அல்லது வல்லரசு ஒன்று குறுக்கிட வேண்டும்.

தாராளவாதிகளோ, மேலாட்சி இல்லாத உலகிலும் ஒத்துழைப்புக்கு இடமுண்டு என்கின்றனர். வணிகப் பிணைப்பு, மக்களாட்சி, நிறுவனங்கள் ஆகிய மூன்றும் அவர்கள் காட்டும் வழிகள். இவற்றுள் மூன்றாவதை ராபர்ட் கியோஹேன் 1984இல் விரிவாக எடுத்துரைத்தார். அவர் கருத்துப்படி, நிறுவனங்கள் நாடுகளின் இயல்பை மாற்றுவதில்லை. ஒன்றைப் பற்றி மற்றொன்று கொண்டுள்ள ஐயத்தையே குறைக்கின்றன. இந்தக் கூற்று நம் ஆய்வில் முக்கிய இடம் பெறும்.

போட்டி மூண்ட விதம்

1881இல் இரு நாடுகளும் ஓர் எல்லை ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆண்டீஸ் மலைத்தொடரில் 'நீரைப் பிரிக்கும் மிக உயர்ந்த சிகரங்கள்' வழியே எல்லை செல்லும் என்று அது கூறியது. நாட்டின் நடுப்பகுதியில் இத்தொடருக்குப் பொருள் ஒன்றே. தெற்கே பத்தகோனியாவிலோ, உயர்ந்த சிகரங்களுக்குக் கிழக்கே தோன்றும் ஆறுகள் சில மலையை ஊடறுத்து மேற்கே பசிபிக்கில் கலக்கின்றன. அங்கு மிக உயர்ந்த சிகரங்களும் நீர்ப்பிரிப்புக் கோடும் ஒன்றல்ல. சிகரங்களே எல்லை என்றது அர்ஜென்டினா. நீர்ப்பிரிப்புக் கோடே எல்லை என்றது சிலி. ஒவ்வொன்றும் தனக்கு மிகுதியான நிலம் தரும் பொருளையே பற்றிக்கொண்டது. ஒரே சொற்றொடரின் இரு பொருள்களுக்கிடையே பெரும் பள்ளத்தாக்குகள் சிக்கின.

1879 முதல் 1883 வரை நடந்த பசிபிக் போரில் பெருவையும் பொலிவியாவையும் சிலி வென்றிருந்தது. அவ்வெற்றிக்கு அதன் கடற்படையே வழிவகுத்தது. ஆகவே அர்ஜென்டினா சிலியின் கப்பல்களை எண்ணத் தொடங்கியது வியப்பன்று. வடக்கே தாக்னா, ஆரிக்கா மாநிலங்கள் குறித்துப் பெருவுடன் வழக்கு தீராத நிலையில், தெற்கிலும் ஒரு போர்முனை திறந்துவிடுமோ என்று சிலியும் அஞ்சியது. பிரான்சில் கட்டப்பட்டு 1890இல் நீரில் இறங்கிய 'காப்பித்தான் பிராத்' என்னும் போர்க்கப்பல் சிலிக்கு வந்தது. அர்ஜென்டினா இத்தாலியிலிருந்து 'கரிபால்டி' வகைக் கவசக் கப்பல்கள் நான்கை 1890களின் இரண்டாம் பாதியில் பெற்றது. சிலி பிரிட்டனில் 'எஸ்மெரால்டா', 'ஓ'ஹிக்கின்ஸ்' ஆகிய கவசக் கப்பல்களைக் கட்டுவித்தது. இதுவரை நடந்ததை நடப்பியல் தடையின்றி விளக்கிவிடுகிறது.

சோர்வு மட்டும் போதுமா?

போட்டி நின்றதற்குப் பணமின்மையே காரணம் என்று கூறுவோர் உளர். இக்கூற்றை 1898ஆம் ஆண்டைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம். அவ்வாண்டில் போர் மூளும் நிலை உருவானது. சிலியின் நிதிநிலை நலிந்து, தாளைப் பொன்னாக மாற்றித் தரும் முறையை அது கைவிட நேர்ந்தது. 1899 பிப்ரவரியில் இரு நாட்டு அதிபர்களான ரோக்காவும் எராசூரிசும் மகெல்லன் நீரிணையின் புந்தா அரேனாஸ் நகரில் சந்தித்துத் தழுவிக்கொண்டனர். எல்லை வழக்கின் பெரும்பகுதி பிரிட்டிஷ் நடுவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. சோர்வும் இருந்தது, நல்லெண்ணமும் இருந்தது, நடுவரும் இருந்தார். ஆயினும் போட்டி நிற்கவில்லை. 1901இல் அர்ஜென்டினா ஜெனோவாவின் அன்சால்டோ நிறுவனத்திடம் மேலும் இரு கவசக் கப்பல்களைக் கட்டச் சொன்னது. சிலி அதற்கு எதிராகப் பிரிட்டனில் ஏறக்குறைய 12,000 டன் எடையுள்ள 'கொன்ஸ்தித்தூசியோன்', 'லிபெர்தாத்' என்னும் இரு போர்க்கப்பல்களுக்கு ஏற்பாடு செய்தது.

இதிலிருந்து நாம் பெறுவது ஒரு முக்கிய முடிவு. களைப்பு நிறுத்தும் விருப்பத்தைத் தருகிறது. நிறுத்துவதற்கான துணிவைத் தருவதில்லை. நான் நிறுத்தினால் நீயும் நிறுத்துவாய் என்பதற்கு உறுதி இல்லாதவரை, களைத்தவனும் ஓடிக்கொண்டுதான் இருப்பான்.

மே ஒப்பந்தங்கள், 1902

அந்த உறுதியைத் தந்தவை 1902 மே 28ஆம் நாள் சாந்தியாகோவில் கையொப்பமான ஒப்பந்தங்கள். அவற்றுள் ஒன்று பொது நடுவர் ஒப்பந்தம். பிரிட்டிஷ் அரசு நடுவராக ஏற்கப்பட்டது. மற்றொன்று கடற்படை வரம்பு உடன்பாடு. கட்டுமானத்திலிருந்த கப்பல்களைப் பெறுவதில்லை என்றும், புதியன வாங்குவதில்லை என்றும் இரு நாடுகளும் இசைந்தன. ஐந்தாண்டுக் காலத்தில் எவரேனும் கடற்படையைப் பெருக்க எண்ணினால், 18 மாதங்களுக்கு முன்னரே மற்றவருக்கு அறிவிக்க வேண்டும்.

இந்த 18 மாத விதி உடன்பாட்டின் உயிர்நாடி என்று நாம் கருதுகிறோம். ஒரு பெருங்கப்பலைக் கட்டி முடிக்க அக்காலத்தில் ஈராண்டு, மூன்றாண்டு ஆகும். எனவே ஒருவர் உடன்பாட்டைக் கைவிட்டாலும், அடுத்தவர் விழித்துக்கொண்டு ஈடுகொடுக்கக் காலம் இருந்தது. ஏமாற்றப்படுவோமோ என்ற அச்சத்தின் கூர்மை இதனால் மழுங்கியது. மேலும் இரு நாடுகளும் இத்தகைய கப்பல்களைத் தாமே கட்டவில்லை. ஐரோப்பியக் கப்பல் தளங்களில் கட்டப்படும் கப்பலை எவரும் மறைக்க முடியாது. தனியாகக் கண்காணிப்புக் குழு எதுவும் தேவைப்படவில்லை.

உடன்பாட்டின் விதிவிலக்கும் கவனிக்கத்தக்கது. கரைகளையும் துறைமுகங்களையும் அரண் செய்வதற்கான படைக்கலங்கள், நீர்மூழ்கிகள் போன்ற தற்காப்புச் சாதனங்கள் ஆகியவை வரம்புக்குள் வரவில்லை. தாக்குதல் கருவியும் தற்காப்புக் கருவியும் பிரித்தறியத்தக்கவையாயின் பாதுகாப்பு இக்கட்டு தளரும் என்று ராபர்ட் ஜெர்விஸ் 1978இல் எழுதினார். அக்கருத்தைக் கோட்பாடாக வகுக்காமலேயே, 1902இல் தூதர்கள் விதியாக எழுதிவைத்திருந்தனர்.

கட்டுமானத்திலிருந்த கப்பல்கள் விற்கப்பட்டன. சிலியின் இரு கப்பல்களை 1903 டிசம்பரில் பிரிட்டனே வாங்கிக்கொண்டது. அர்ஜென்டினாவின் இரு கப்பல்களை ஜப்பான் வாங்கி, 'கசுகா', 'நிஷின்' எனப் பெயரிட்டது. அவை 1904 தொடக்கத்தில் சிங்கப்பூர் வழியாகவே ஜப்பானுக்குச் சென்றன. 1905இல் சுஷிமா கடற்போரில் ரஷ்யாவுக்கு எதிராகப் போரிட்டன. ஆண்டீஸில் அமைதி தந்த உடன்பாடு ஆயுதங்களை அழித்துவிடவில்லை, வேறொரு கடலுக்கு அனுப்பியது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

இரு வாசிப்புகள்

நடப்பியலார் இங்கு எழுந்து மறுப்புக் கூறலாம். உடன்பாடு இரு கடற்படைகளுக்கும் இடையே ஒரு சமனிலையையே நாடியது. அது வலிமைச் சமன்பாட்டின் எழுத்து வடிவம் தானே? அர்ஜென்டினா பிற நாடுகளின் விவகாரங்களில் தலையிடாது என்றும், சிலி நிலுவையிலுள்ள ஒப்பந்தங்களின் வழி வருவதற்கு மேல் நிலம் நாடாது என்றும் முன்னுரை ஆவணம் அறிவித்தது. பசிபிக் உனக்கு, அட்லாண்டிக் எனக்கு என்ற பங்கீடுதானே இது? பிரிட்டனும் தன் வணிகத்துக்கும் கடன்களுக்கும் ஊறு நேராதிருக்கவே போரைத் தடுத்தது. இம்மறுப்பில் பெருமளவு உண்மை உள்ளது. தாராளவாதத்தின் எளிய வடிவங்களும் இங்கு உதவவில்லை. இரு நாடுகளின் முதன்மை வணிகம் ஐரோப்பாவுடன் இருந்ததேயன்றித் தம்முள் அன்று. இரண்டும் குடியரசுகளாயினும், ஆட்சி ஒரு சிறு மேட்டுக்குழுவின் கையிலேயே இருந்தது.

ஆனால் சமனிலையும் பிரிட்டனின் நலனும் 1898இலும் இருந்தவை. அப்போது இல்லாமல் 1902இல் இருந்தது, முன்னறிவிப்பும் வரம்பும் கொண்ட ஏற்பாடு. மாறியது எதுவோ, அதுவே மாற்றத்தை விளக்க வேண்டும். இவ்வகையில் நிறுவனத் தாராளவாதம் தேர்வில் வெல்கிறது.

பிற்காலச் சோதனை

அவ்வெற்றிக்கும் எல்லை உண்டு. பிரேசில் 1907இல் பிரிட்டனில் 'ட்ரெட்நாட்' வகைப் பெரும் போர்க்கப்பல்களைக் கட்டத் தொடங்கியது. அதே ஆண்டில் ஐந்தாண்டு உடன்பாடும் முடிவுற்றது. 1910இல் அர்ஜென்டினா அமெரிக்காவில் அத்தகைய கப்பல்கள் இரண்டுக்கு ஒப்பந்தம் செய்தது. 1911இல் சிலியும் பின்தொடர்ந்தது. இருவருக்காக எழுதப்பட்ட உடன்பாடு மூன்றாமவரைக் கட்டுப்படுத்தாது. நடப்பியல் இங்கே தன் இடத்தை மீட்டுக்கொள்கிறது.

எனினும் நடுவர் ஒப்பந்தம் நிலைத்தது. பத்தகோனிய எல்லை குறித்து எட்வர்ட் மன்னர் 1902 நவம்பரில் அளித்த தீர்ப்பு இரு தரப்பின் கோடுகளுக்கும் இடையே சென்றது. இரு தரப்பும் ஏற்றன. பல்லாண்டுகளுக்குப் பின்னர் பீகிள் கால்வாய்த் தீவுகளின் வழக்கும் அதே 1902 ஒப்பந்தத்தின் கீழ் நடுவரிடம் சென்றது. 1977இல் தீர்ப்பு சிலிக்குச் சாதகமாயிற்று. 1978 ஜனவரியில் அர்ஜென்டினாவின் இராணுவ அரசு அதனை ஏற்க மறுத்தது; ஆண்டின் இறுதியில் படைகள் போருக்கு அணிவகுத்தன. போப்பாண்டவரின் சமரச முயற்சியே போரைத் தடுத்தது. 1984இல், அர்ஜென்டினாவில் மக்களாட்சி மீண்ட பின்னரே, வழக்கு ஒப்பந்தமாக முடிந்தது. எழுதிய ஒப்பந்தத்துக்கும் அதை மதிக்கும் ஆட்சி வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

முடிவுரை

ஆயுதப் போட்டி ஏன் தொடங்குகிறது, ஏன் மீண்டும் தலைதூக்குகிறது என்பதை நடப்பியல் நன்கு விளக்குகிறது. விரும்பியும் நிறுத்த இயலாதவர்கள் எவ்வாறு நிறுத்தினர் என்பதைத் தாராளவாதத்தின் நிறுவனக் கிளை விளக்குகிறது. ஆனால் 1902இன் வெற்றி மூன்று நிலைமைகளின் மேல் நின்றது: ஆயுதம் கண்ணுக்குத் தெரிந்தது, கட்ட நீண்ட காலம் எடுத்தது, போட்டியாளர் இருவரே. மறைத்து வைக்கக்கூடிய ஏவுகணைகளுக்கும், மூவர் நால்வர் கலந்துகொள்ளும் போட்டிகளுக்கும் இம்முன்மாதிரியை அப்படியே பொருத்திவிட முடியாது. வேறொரு போட்டியை ஆராயப் புகும் மாணவர், எந்தக் கோட்பாடு சரி என்று கேட்பதற்கு முன்னர், இம்மூன்று நிலைமைகளும் அங்கு உள்ளனவா என்று கேட்பது பயன்தரும்.