வஸிய்யத்தின் சாட்சிகள் வஃபாத்தாகிவிட்டால் நீதிமன்றத்தில் நிரூபிப்பது எப்படி?

தந்தை எழுதிவைத்த வஸிய்யத் கையில் இருக்கிறது. அதில் கையொப்பமிட்ட சாட்சிகள் இருவரும் வஃபாத்தாகிவிட்டார்கள். இனி அது செல்லாதா என்று பல குடும்பங்கள் கலங்குகின்றன. சாட்சியின் மரணத்தால் வஸிய்யத் ரத்தாவதில்லை. அதை நிரூபிக்கும் வழிதான் மாறுகிறது.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 67ஆம் பிரிவு, சாட்சிக் கையொப்பம் கட்டாயமான உயிலுக்குச் சாட்சிகளில் ஒருவரையாவது நீதிமன்றத்தில் விசாரிக்கச் சொல்கிறது. ஒருவருமே கிடைக்காதபோது 68ஆம் பிரிவு வழிகாட்டுகிறது. குறைந்தது ஒரு சாட்சியின் கையொப்பம் அவருடையதுதான் என்றும், உயில் எழுதியவரின் கையொப்பம் அவருடையதுதான் என்றும் நிரூபிக்க வேண்டும். 2020இல் கல்யாணசுவாமி எதிர் பக்தவத்சலம் வழக்கில் உச்ச நீதிமன்றமும், இந்நிலையில் ஒரு சாட்சியின் கையொப்பத்தை நிரூபித்தால் போதும் என்றது.

'கிடைக்கவில்லை' என்று வாயால் சொன்னால் போதாது. இறந்தவருக்கு இறப்புச் சான்றிதழ் வேண்டும். காணாதவருக்கு நீதிமன்றம் மூலம் சம்மன் அனுப்பி, தேடியும் கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். 

முஸ்லிம்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. நமது ஷரீஅத் சட்டப்படி வஸிய்யத்திற்குச் சாட்சிக் கையொப்பம் கட்டாயமில்லை. எனவே 71ஆம் பிரிவின்படி, சாட்சியே இல்லாத பத்திரம் போலவும் அதை நிரூபிக்கலாம். ஆனால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் மணந்தவருக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அவருடைய உயிலுக்கு இரு சாட்சிகள் கட்டாயம்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மகன்கள் உள்ள ஒருவர், தம் மறைந்த சகோதரரின் மகளுக்கு ஒரு வீட்டை வஸிய்யத் செய்தார். சாட்சிகள் இருவரும் இப்போது இல்லை. மகன்கள் கையொப்பத்தை மறுக்கிறார்கள். அந்தப் பெண் முதலில் பெரியப்பாவின் கையொப்பத்தை நிரூபிக்க வேண்டும். அவர் கையொப்பமிடுவதைப் பலமுறை கண்ட கடைக் கணக்கர் அதை அடையாளம் கூறலாம். வங்கிப் படிவத்தில் உள்ள கையொப்பத்தோடு ஒப்பிடவும் நீதிமன்றத்தைக் கேட்கலாம். சாட்சியின் கையொப்பத்தையும் நிரூபித்தால் வழக்கு வலுப்படும். அவர் பள்ளிவாசலின் நிகாஹ் தஃப்தரில் சாட்சியாகக் கையொப்பமிட்டிருந்தால் அந்தத் தஃப்தரே உதவும். அவருடைய மகனும் வந்து அடையாளம் சொல்லலாம்.

முப்பது ஆண்டு பழைய பத்திரம் என்றால் தானாகவே உண்மை எனக் கொள்ளப்படும் என்று சிலர் நம்புகிறார்கள். உயிலுக்கு அந்தச் சலுகை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பதிவு செய்த உயிலையும் நிரூபித்தே ஆகவேண்டும்.

கையொப்பம் நிரூபணமானாலும், கடனும் அடக்கச் செலவும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்டே வஸிய்யத் செல்லும். வீட்டின் மதிப்பு அதைத் தாண்டினால், கூடுதல் பகுதிக்கு வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.