திருமேனிப் பாதுகாப்பு அறை

திருமேனிப் பாதுகாப்பு அறை என்பது கோயிலின் உலோக உற்சவர்களையும் நகைகளையும் கம்பிக் கதவு, இரட்டைப் பூட்டு, கண்காணிப்புக் கேமரா, அடிக்கடி நடக்கும் சரிபார்ப்பு ஆகிய நான்கையும் கொண்டு காக்கும் ஏற்பாடு. அருகிலுள்ள சிறு கோயில்களின் சிலைகளைப் பெரிய கோயில் ஒன்றில் சேர்த்து வைக்கும் இடத்துக்குச் சிலைப் பாதுகாப்பு மையம் என்று பெயர். திருவாரூர்த் தியாகராஜர் கோயிலில் உள்ளது இவற்றில் பெரியது. கதவு, பூட்டு, கேமரா, சரிபார்ப்பு ஆகிய நான்கும் ஒன்றையொன்று நம்பியே வேலை செய்கின்றன. ஒன்று விடுபட்டால் என்ன ஆகும் என்பதைக் கடலூர் மாவட்டத்தின் மேற்கே விருத்தாசலத்திலும் அதற்குத் தெற்கே அரியலூர் மாவட்டத்திலும் நடந்த இரண்டு திருட்டுகள் காட்டின.

முதலாவது, ஸ்ரீபுரந்தான் பிருகதீஸ்வரர் கோயில். நித்திய பூஜை நின்று பூட்டிக் கிடந்த சோழர் காலக் கோயில் அது. 2006இல் அங்கிருந்த நடராசர் உள்ளிட்ட செப்புத் திருமேனிகள் களவு போயின. ஆனால் ஊருக்கோ துறைக்கோ அப்போது அது தெரியாது. 2008இல் சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு எடுத்துச் செல்ல அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது வெளிப்பட்டது. அதே 2008இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அந்த நடராசரைக் கலைப்பொருள் வணிகர் சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. திருட்டுக்கும் அது தெரியவந்ததற்கும் நடுவே கிடைத்த இரண்டு வருடம்தான் கடத்தியவர்களின் மூலதனம். புகாரே இல்லாத பொருளை எந்தத் திருட்டுப் பட்டியலில் தேடினாலும் கிடைக்காது.

இரண்டாவது, விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில். இது ஆளரவமற்ற கோயில் அல்ல. தினமும் பூஜை நடப்பது, மாசி மகத்துக்குக் கூட்டம் நிரம்பி வழிவது. இதன் வெளிச்சுவர் மாடத்திலிருந்த கல் அர்த்தநாரீஸ்வரர் எடுக்கப்பட்டு அந்த இடத்தில் புதிய சிலை ஒன்று நின்றது. மாடங்களை எண்ணியிருந்தால் கணக்கு சரியாகவே வந்திருக்கும். 2004இல் சிட்னியிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் மூலச் சிலையைக் கபூரிடம் வாங்கியது. அது 1970இலேயே டெல்லிக் கடையில் வாங்கப்பட்டது என்று காட்டும் தாள் ஒன்றும் உடன் வந்தது. அந்தத் தாளைப் பொய்யாக்கியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் படத்தொகுப்பு. 1974இல் எடுத்த படத்தில் சிலை விருத்தாசலத்து மாடத்திலேயே இருந்தது. இரண்டு சிலைகளையும் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியா இந்தியாவிடம் ஒப்படைத்தது.

ஆகவே சரிபார்ப்பு என்பது தலை எண்ணுவதல்ல. இந்து சமய அறநிலையச் சட்டம், 1959, ஒவ்வொரு கோயிலும் சொத்துப் பதிவேடு வைக்கவும் அதை ஆண்டுதோறும் சரிபார்க்கவும் சொல்கிறது. பதிவேட்டில் ‘அம்மன் சிலை, 1’ என்று மட்டும் எழுதியிருந்தால் அதை வைத்துப் போலியைக் கண்டுபிடிக்க முடியாது. உயரம், எடை, பீடத்து எழுத்து, நான்கு பக்கப் படங்கள் ஆகியவற்றோடு குறைகளும் வேண்டும்: ஒடிந்த விரல், தேய்ந்த மூக்கு, பிரபையில் விழுந்த ஓட்டை. போலி செய்பவன் அழகைப் பார்த்து வார்ப்பான். பீடத்தின் அடியிலுள்ள வார்ப்புக் குறையை அவன் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எடை நல்ல சான்று. ஆனால் அபிஷேக எண்ணெயும் அழுக்கும் படிந்தால் அது கூடும், சுத்தம் செய்தால் குறையும் என்பதால் சில கிராம் வித்தியாசத்தை வைத்து யாரையும் குற்றவாளி ஆக்கக் கூடாது. எண்ணுபவர் கையில் பதிவேட்டைக் கொடுக்காமல் உள்ளே உள்ளதை முதலில் எழுதச் சொல்லி, பிறகு ஒப்பிடுவது நல்லது. பதிவேட்டைப் பார்த்தபடி எண்ணுகிறவர் கண்ணுக்கு எல்லாம் இருப்பதாகவே தெரியும்.

கம்பிக் கதவின் பெரும்பயன் பலரும் நினைப்பதுபோல் அதன் வலிமை அல்ல. வெட்டும் கருவி இருந்தால் எந்தக் கம்பியும் சிறிது நேரத்துக்குத்தான் தாங்கும். திறக்காமலே உள்ளே பார்க்க முடிகிறது என்பதுதான் அதன் பயன். மெய்க்காவலர் ஒவ்வொரு முறை மாறும்போதும் விளக்கை அடித்து எண்ணிவிடலாம், சாவி வேண்டியதில்லை. மரக்கதவுக்குப் பின்னால் அது நடக்காது, ஸ்ரீபுரந்தானில் நடக்கவுமில்லை. காற்றும் புழங்கும். அடைத்த, ஈரமான அறையில் செப்புத் திருமேனி மேல் பச்சைப் பொடி பூத்து உலோகத்தை அரிக்கும். கதவு வைக்கும்போது கீலும் கொண்டியும் வெளியிலிருந்து கழற்ற முடியாதபடி இருக்கின்றனவா, சுவருக்கும் கூரைக்கும் இடையில் ஆள் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டை உடைப்பதைவிடக் கொண்டியின் போல்ட்டைக் கழற்றுவது எளிது.

இரட்டைப் பூட்டில் ஒன்றின் சாவி செயல் அலுவலரிடமும் மற்றதன் சாவி தக்கார் அல்லது அறங்காவலரிடமும் இருப்பது வழக்கம். இருவரும் வந்தால்தான் திறக்கும். விழா நாளில் உற்சவரை எடுக்க ஒருவர் வர முடியாமல் தன் சாவியை அடுத்தவரிடம் கொடுத்தனுப்பும்போதே அந்த முறை முடிந்துவிடுகிறது; பெரும்பாலும் அது களவால் அல்ல, வசதியால் முடிகிறது. சாவிப் பதிவேட்டில் நாள், நேரம், காரணம், வெளியே போனவை, திரும்ப வந்தவை ஆகியவற்றை இருவரும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். பூட்டைத் துணியால் சுற்றி அரக்கு முத்திரை வைப்பது உண்டியலில் பழகிய முறைதான். முத்திரை திருடனைத் தடுக்காது. யாரோ திறந்திருக்கிறார்கள் என்று மறுநாளே சொல்லிவிடும். மாற்றுச் சாவியின் கணக்கும் தேவை. புரி ஜெகந்நாதர் கோயில் ரத்ன பண்டாரத்தின் உள்ளறைச் சாவியைக் காணோம் என்று 2018இல் தெரிந்தது. 2024 ஜூலையில் இருந்த சாவிகள் சேராமல் பூட்டுகளை உடைத்துத்தான் திறந்தார்கள்.

கேமராவில் கவனிக்காமல் விடப்படுவது அதன் நினைவுக் காலம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் பதிவு செய்தால் நாளுக்கு ஏறத்தாழ 21.6 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி வட்டு பதினொரு நாளில் நிரம்பி, பழைய படத்தின் மேலேயே புதியதை எழுதும். மாதம் ஒரு முறை எண்ணுகிற கோயிலில் மாதத் தொடக்கத்தில் திருட்டு நடந்தால், அது தெரியும் நாளில் படம் அழிந்திருக்கும். ஒன்று, வாராவாரம் எண்ண வேண்டும். இல்லையேல் குறைந்தது 4 டிபி வட்டு போட வேண்டும். பதிவுப் பெட்டி அலுவலக மேசையில் இருந்தால் திருடன் அதையும் தூக்கிக்கொண்டு போவான், ஆகவே அதற்கும் தனிப் பூட்டறை தேவை. ஒரு கேமராவாவது சிலைகளை விட்டுவிட்டு, கதவில் நுழைபவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இரவில் அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வலை கட்டும், காலையில் பார்த்தால் படம் முழுக்க வெள்ளை. வாரம் ஒரு முறை லென்ஸைத் துடைப்பதும், போன வாரத்து இரவு ஒன்றை ஓட்டிப் பார்ப்பதும் மெய்க்காவலர் வேலையில் சேர வேண்டும்.

சென்னை உயர்நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று கோயில்கள், தொன்மைச் சின்னங்கள் ஆகியவற்றின் பாதுகாப்பு குறித்து 75 கட்டளைகள் அடங்கிய தீர்ப்பை வழங்கியது. அதற்குப் பிறகும் நடைமுறையில் தீராத சிக்கல் ஒன்று உண்டு. மையத்தில் சேர்த்த சிலையை நித்தமும் தொட்டு அபிஷேகம் செய்து அடையாளம் அறிந்த குருக்கள் அதன் அருகில் இல்லை. நூற்றுக்கணக்கான அம்மன்களில் தம் ஊர் அம்மனை மாற்றிவிட்டால் கண்டுபிடிக்கக் கூடியவர் அவர் ஒருவரே. சாவி வைத்திருக்கும் இருவரும் கூட்டுச் சேர்ந்தால் பூட்டுக்கும் பதிவேட்டுக்கும் பொருளில்லை. எனவே சரிபார்ப்பு நாளில் சாவி இல்லாத மூன்றாமவர் ஒருவர், முடிந்தால் அந்தந்த ஊர்க் குருக்களே, வரிசை மாற்றித் தேர்ந்த சில சிலைகளைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும்.