இருதடச் சுழல் என்கோடர்

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டை போன்ற இடங்களில் ஓடும் சிஎன்சி லேத்தின் மோட்டார் தண்டிலும், பல ஆம்ப்ளிஃபயர்களின் வால்யூம் குமிழிலும் இருப்பது ஒரே உத்திதான்: கால் அலை, அதாவது 90 பாகை, தள்ளி வரும் ஏ, பி என்ற இரு சிக்னல்கள். திசை இவற்றில் எதிலும் தனியாக இல்லை. எது முந்துகிறது என்பதில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் சுற்றினால் ஏ, பி நிலைகள் 00, 10, 11, 01 என்று வரும். மறுபக்கம் சுற்றினால் இதே வரிசை தலைகீழாகும். வரிசையில் முன்னே ஓர் அடிக்கு ஒன்றைக் கூட்டி, பின்னே ஓர் அடிக்கு ஒன்றைக் கழித்தால் திசையும் எண்ணிக்கையும் சேர்ந்தே கிடைக்கும். 1,000 கோடுகள் உள்ள தட்டில் ஒரு சுற்றுக்கு 4,000 அடிகள்.

மோட்டாரை எந்தப் பக்கம் ஓட்டுகிறோம் என்பது கன்ட்ரோலருக்கே தெரியுமே, ஒரு தடம் போதாதா என்று கேட்கலாம். போதாது. நின்ற தண்டு ஒரு கோட்டின் விளிம்பில் லேசாக அதிர்ந்தாலே ஒற்றைத் தடம் அதை நகர்வாக எண்ணிக்கொண்டே போகும்; இரு தடத்தில் +1, −1 என்று அது தானே கழிந்துவிடும். குமிழின் தொடர்பு முனைகள் துள்ளுவதும் பெரும்பாலும் அப்படியே அடங்கும். அடங்காதது ஒன்று உண்டு: 00 நேரே 11 ஆகத் தெரிந்தால் இடையில் ஓர் அடி தவறிவிட்டது, எந்தப் பக்கம் என்று சொல்ல வழியில்லை. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் அந்த 1,000 கோட்டுத் தட்டு நொடிக்கு 2,00,000 அடிகள் தருவதால், மைக்ரோகன்ட்ரோலர் அதைவிட வேகமாகப் படித்தாக வேண்டும்.