நம்பிக்கை இடைவெளி

1937இல் புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் விரிவாக வகுத்த கருத்து இது. இங்கே நம்பிக்கை வைப்பது கணக்கிடும் முறையின் மீது. கிடைத்த ஒற்றை விடையின் மீது அல்ல. ஒரே ஆய்வைத் திரும்பத் திரும்பச் செய்து ஒவ்வொரு முறையும் 95% இடைவெளியைக் கணக்கிட்டால், நூற்றுக்குச் சுமார் 95 இடைவெளிகள் உண்மை மதிப்பை உள்ளடக்கும்.

ஒரு மருந்தாய்வு ஸ்லைடில் 'அபாய விகிதம் 0.88 (95% CI 0.75–1.03), p = 0.11' என்றிருப்பதாகக் கொள்வோம். "மருந்து அபாயத்தை 12 சதவீதம் குறைக்கிறது" என்று அடித்துச் சொன்னால் அது மிகை. "மருந்தால் பயனில்லை" என்பதும் மிகைதான். 25 சதவீதக் குறைவு முதல் 3 சதவீத உயர்வு வரை இந்தத் தரவோடு பொருந்தும். வேறுபாடே இல்லை என்பதைக் குறிக்கும் 1 இந்த இடைவெளிக்குள் இருப்பதால், 5 சதவீத அளவில் புள்ளியியல் முக்கியத்துவம் எட்டப்படவில்லை. எளிமையாக்கிச் சொல்லும்போது இரண்டு எல்லைகளையும் விடாமல் சொல்லுங்கள்.