ஆண்டுப் பணித் தன்னாய்வு

ஆண்டுப் பணித் தன்னாய்வு என்பது வேலை பார்க்கும் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை தன் கடந்த 12 மாதப் பணியைத் தானே பரிசீலித்து, அடுத்த ஆண்டுக்கான ஒரு முடிவை எழுதி வைக்கும் முறை. இதில் நான்கு கேள்விகள் கேட்கப்படுகின்றன. என்ன கற்றேன்? எந்த வேலை எனக்குத் தெம்பு தந்தது, எது அதை உறிஞ்சியது? என் உழைப்புக்கு உண்மையில் எவ்வளவு பணம் கிடைத்தது? இதே வழியில் போனால் எங்கே போய்ச் சேருவேன்?

நிறுவனங்கள் நடத்தும் ஆண்டு மதிப்பீடு இதிலிருந்து வேறானது. நிறுவனத்துக்கு இந்தப் பணியாளரால் என்ன பயன் என்பதை அது அளக்கிறது. இந்த வேலையால் தனக்கு என்ன ஆகிறது என்பதைப் பணியாளர் தன்னாய்வில் அளக்கிறார். நிறுவன மதிப்பீட்டில் முதலிடம் பெற்றவர் தன்னாய்வில் தேங்கி நிற்பதாகக் காண்பதும் உண்டு.

பின்னணி

நிர்வாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் 1999இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில் இதன் கருவை விளக்கினார். முக்கியமான முடிவு ஒன்றை எடுக்கும்போது, அதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை எழுதி வைக்க வேண்டும். 9 அல்லது 12 மாதம் கழித்து, நடந்ததை அதனுடன் ஒப்பிட வேண்டும். தான் பல ஆண்டுகளாக இதைச் செய்துவந்ததாகவும், ஒவ்வொரு முறையும் வியப்படைந்ததாகவும் அவர் சொன்னார். 16ஆம் நூற்றாண்டில் கால்வினும் இக்னேஷியஸ் லயோலாவும் தத்தம் சமயக் குழுக்களில் இத்தகைய பழக்கத்தைப் புகுத்தியிருந்ததையும் குறிப்பிட்டார்.

எங்கே போய்ச் சேருவேன் என்ற திசை பற்றிய கேள்விக்கு எம்.ஐ.டி. பேராசிரியர் எட்கர் ஷைனின் ஆய்வு அடித்தளமானது. அவர் 1960களின் தொடக்கத்தில் அங்கு படித்து வெளியேறிய மேலாண்மை மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். ஒருவர் எந்த நிலையிலும் விட்டுக்கொடுக்க விரும்பாத ஒன்று அவருடைய பணிவாழ்க்கைக்கு நங்கூரமாக இருக்கிறது என்று கண்டார். சிலருக்கு அது தொழில்திறன், சிலருக்குச் சுதந்திரம், சிலருக்குப் பணிப் பாதுகாப்பு. வேலைக்குப் போகும் முன் இது தெரிவதில்லை. சில ஆண்டுகள் உழைத்த பிறகே தெளிவாகிறது. அதனால்தான் திசைக் கேள்வி ஒருமுறை கேட்டு முடிப்பதாக இல்லாமல் ஆண்டுதோறும் திரும்பி வருகிறது.

நினைவை நம்பாததன் காரணம்

இந்த முறையின் முதல் விதி, கேள்விக்கு முன் பதிவுகளைத் திரட்டுவது. மனித நினைவு ஓர் ஆண்டை அப்படியே சேமித்து வைப்பதில்லை. உளவியலாளர் டேனியல் கானமனும் சக ஆய்வாளர்களும் 1993இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்கள் கையைக் குளிர்ந்த நீரில் இருமுறை வைத்தார்கள். ஒரு முறை 60 வினாடி. இன்னொரு முறை அதே 60 வினாடியுடன், நீர் சற்றே சூடேறும் 30 வினாடி கூடுதல். எதை மீண்டும் செய்ய விருப்பம் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீண்டதையே தேர்ந்தார்கள். முடிவு சற்று இதமாக இருந்ததால் மொத்த வலி கூடியது மறந்துபோனது. ஏப்ரலில் கிடைத்த ஊதிய உயர்வு பத்து மாதச் சோர்வை மறைப்பதும், கடைசி வாரச் சண்டை நல்ல ஆண்டைக் கெடுத்துக் காட்டுவதும் இவ்விதமே.

எதிர்பார்ப்பை எழுதி வைக்கும் விதிக்கும் சான்று உண்டு. 1972இல் நிக்சன் சீனாவுக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் சென்றபோது என்னென்ன நடக்கும் என்று மாணவர்களைக் கணிக்கச் செய்து, பயணம் முடிந்த பின் தங்கள் கணிப்பை நினைவுகூரச் சொன்னார் உளவியலாளர் பாருக் ஃபிஷாஃப். உண்மையில் நடந்தவற்றுக்குத் தாங்கள் முன்பு கொடுத்ததைவிட அதிக வாய்ப்புக் கொடுத்திருந்ததாகவே அவர்கள் நினைவில் இருந்தது. எழுத்து இல்லையென்றால், எல்லாம் முன்பே தெரிந்ததுதான் என்ற எண்ணமே மிஞ்சும். அதிலிருந்து எதையும் கற்க முடியாது.

காலமும் பதிவுகளும்

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கும் இந்தியாவில், மாதச் சம்பளக்காரர்களுக்கு ஜூன் கடைசி வாரம் வசதியான காலம். படிவம் 16 என்று பழகிய வரிப் பிடித்தச் சான்றிதழ் அதற்குள் கைக்கு வந்திருக்கும். ஊதிய உயர்வுக் கடிதம் கிளப்பிய மகிழ்ச்சியோ கோபமோ தணிந்திருக்கும்.

தேவையானவை நான்கு: சம்பளம் வரவான வங்கிக் கணக்கு அறிக்கை, வருங்கால வைப்புநிதிப் பாஸ்புக், ஆண்டு முழுவதற்குமான நாட்காட்டி அல்லது வேலைக் குறிப்பு, சென்ற ஆண்டு எழுதிய தாள். நாட்காட்டியைப் புரட்டி மாதத்துக்கு மூன்று நான்கு வரி எழுதிக்கொண்ட பிறகே கேள்விகளுக்குப் போக வேண்டும். அரை நாள் இதற்குப் போதும்.

நான்கு கேள்விகள்

கற்றல் பற்றிய கேள்வியைக் கூர்மையாகக் கேட்பதென்றால், சென்ற ஆண்டு யாராவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்த எந்த வேலையை இன்று தனியாகச் செய்கிறேன் என்று கேட்க வேண்டும். பயிற்சி வகுப்பும் சான்றிதழும் இதற்கு விடையாகா. செய்துமுடித்த வேலைதான் விடை. பிறர் எந்தச் சிக்கலுக்காக நம்மைத் தேடி வருகிறார்கள் என்பதும் நம்பகமான அடையாளம்.

தெம்பு பற்றிய கேள்விக்கு, வெவ்வேறு மாதங்களிலிருந்து இரண்டு சாதாரண வாரங்களை எடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே கூட்டல் அல்லது கழித்தல் குறி இட வேண்டும். அதிக வேலையால் வரும் களைப்பும், பொருந்தாத வேலையால் வரும் களைப்பும் வேறு. முதலாவது ஓய்வில் தீரும். இரண்டாவது விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே திரும்பிவிடும். உலக சுகாதார நிறுவனம் பணிச்சோர்வுக்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது: ஆற்றல் வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல் அல்லது அதன்மீது வெறுப்பு, திறன் குறைந்துவிட்ட உணர்வு. மூன்றும் சேர்ந்து காணப்பட்டால் அந்த ஆண்டில் திசை பற்றிய முடிவைத் தள்ளிப்போட்டு, முதலில் ஓய்வும் மருத்துவ ஆலோசனையும் பெறுவது நல்லது.

பணம் பற்றிய கேள்வியில் சி.டி.சி. என்று சொல்லப்படும் மொத்தத் தொகையால் பயனில்லை. நிறுவனம் செலுத்தும் வைப்புநிதிப் பங்கும், பணிக்கொடைக்கான ஒதுக்கீடும் அதில் அடங்கியிருக்கக்கூடும். கைக்கு வந்த தொகையை விலைவாசியோடு ஒப்பிட்டு, வேலைக்காகச் செலவான மொத்த மணிநேரத்தால் வகுக்க வேண்டும். பயண நேரமும், வீட்டிலிருந்து பேசிய இரவு அழைப்புகளும் அதில் சேரும். வேலை மாறும் எண்ணம் இருந்தால் பணிக்கொடையையும் பார்க்க வேண்டும். நிரந்தரப் பணியாளருக்கு அது பொதுவாக 5 ஆண்டுத் தொடர்ப்பணிக்குப் பிறகே உரிமையாகிறது.

திசை பற்றிய கேள்வியை நேராகக் கேட்டால் கனவுகளே விடையாக வரும். அதே துறையில் ஐந்தாறு ஆண்டு முன்னால் இருக்கும் ஒருவரைத் தேர்ந்து, அவருடைய சாதாரண வேலைநாள் ஒன்று தனக்கு வேண்டுமா என்று கேட்பது மேல். அவருடைய பதவியும் வீடும் வேண்டும், ஆனால் அவர் காலை முதல் மாலை வரை செய்யும் வேலை வேண்டாம் என்றால், பாதை மாற வேண்டியிருக்கிறது என்று பொருள்.

ஓர் எடுத்துக்காட்டு

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஆலை ஒன்றில் 9 ஆண்டுகளாகத் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளராக இருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். சென்ற ஆண்டு மாதம் 45,000 ரூபாய் கைக்கு வந்தது, இப்போது 48,000. உயர்வு ஏறத்தாழ 6.7 விழுக்காடு. விலைவாசி 5 விழுக்காடு ஏறியதாகக் கொண்டால், பழைய நிலையில் நிற்கவே 47,250 ரூபாய் வேண்டும். ஆக உண்மையான உயர்வு மாதம் 750 ரூபாய்தான்.

அடுத்து மணிநேரம். சென்ற ஆண்டு பயணம் உட்பட நாளுக்கு 10 மணி, மாதம் 25 நாள், மொத்தம் 250 மணி. மணிக்கு 180 ரூபாய். இந்த ஆண்டு வெளிநாட்டு வாடிக்கையாளர்களுடன் இரவு அழைப்புகள் சேர்ந்து நாளுக்கு 11 மணியானது. 275 மணிக்கு 48,000 என்றால் மணிக்குச் சுமார் 175 ரூபாய். சம்பளம் கூடிய ஆண்டில் அவருடைய மணிநேர விலை இறங்கியிருக்கிறது.

கற்றலில், சென்ற ஆண்டுத் தாளில் அளவீட்டு இயந்திரத்துக்குத் தானே நிரல் எழுதக் கற்றது பதிவாகியிருந்தது. இந்த ஆண்டின் வரிகளில் அப்படி எதுவும் இல்லை. புகார் அறிக்கைகளே நிறைந்திருந்தன. வாரக் குறிப்புகளில், வார்ப்பில் துளை விழுவதன் காரணத்தைப் பட்டறையில் நின்று தேடிய நாட்களுக்கெல்லாம் கூட்டல் குறி; அறிக்கைக்கும் இரவு அழைப்புக்கும் கழித்தல் குறி. திசையைப் பார்த்தால், அவருக்கு மேலே இருக்கும் தர மேலாளரின் நாள் முழுக்க இதே அறிக்கைகளும் அழைப்புகளும்தான்.

நான்கு விடைகளும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன: வேலையை விட வேண்டியதில்லை, ஆனால் பதவி உயர்வு என்ற நேர்வழி அவரைப் பிடிக்காத வேலைக்குள் ஆழமாகக் கொண்டுபோகும். உற்பத்திமுறை மேம்பாட்டுக் குழுவுக்கு வாரம் மூன்று நாள் மாற்றித் தரும்படி கேட்பது என்று அவர் முடிவு செய்கிறார். தாளில் எதிர்பார்ப்பையும் எழுதுகிறார்: அடுத்த ஜூனுக்குள் இரண்டு வார்ப்புக் குறைகளின் மூலகாரணத்தைத் தனியாகக் கண்டு சரிசெய்திருப்பேன், இரவு அழைப்பு வாரத்துக்கு ஒன்றாகக் குறைந்திருக்கும்.

மறு ஆண்டு முதலாவது நடந்து, இரண்டாவது நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இதிலும் செய்தி இருக்கிறது. வேலையின் தன்மையை மேலாளரால் மாற்ற முடிந்தது. வேலை நேரத்தை வாடிக்கையாளரே தீர்மானிக்கிறார். ஆகவே அடுத்த கேள்வி, உள்நாட்டுச் சந்தைக்கு உற்பத்தி செய்யும் பிரிவுக்கோ வேறு ஆலைக்கோ போவது பற்றியதாகிறது.

பிழைகளும் அவற்றின் அடையாளங்களும்

எழுதியவற்றில் பெரும்பகுதி கடைசி இரண்டு மாதத்தைச் சேர்ந்ததாக இருந்தால், நாட்காட்டி பார்க்கப்படவில்லை. விடைகளில் நிகழ்ச்சிகள் இல்லாமல் ‘நன்றாகப் போனது’, ‘சலிப்பாக இருந்தது’ போன்ற சொற்களே இருந்தால், பதிவுகளுக்குப் பதில் அன்றைய மனநிலை பேசியிருக்கிறது. முடிவில் ஏழெட்டுத் தீர்மானங்கள் இருந்தால், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதை மறு ஆண்டு பிரித்தறிய முடியாது. ஒரே குறை மூன்றாம் ஆண்டும் அதே சொற்களில் திரும்பி வந்தால், சூழல் தானாக மாறும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்று கொள்ள வேண்டும்.

தாளை இன்னொருவரிடம் காட்டுவது பிழையைக் குறைக்கும். அவர் நம் வேலை தெரிந்தவராகவும், நம் முடிவால் லாபமோ நட்டமோ அடையாதவராகவும் இருக்க வேண்டும். முன்னாள் சக ஊழியர் இதற்குப் பொருத்தமானவர். மேலாளரும் குடும்பத்தாரும் அப்படி அல்ல.

எல்லைகள்

மாதச் சம்பளமும் ஓரளவு தேர்வுரிமையும் உள்ளவர்களுக்கே இந்த முறை முழுமையாகப் பொருந்துகிறது. நாட்கூலிக்காரர்களுக்கும், செயலிவழி டெலிவரி வேலை செய்வோருக்கும் ஓர் ஆண்டு மிக நீளமான அலகு. அவர்கள் பணக் கணக்கை மாதந்தோறும் போட வேண்டியிருக்கும். வீட்டுக் கடனோ, முதியோரையும் குழந்தைகளையும் கவனிக்கும் பொறுப்போ உள்ளவர் திசையைக் கண்டாலும் உடனே திரும்ப இயலாது. அவர் விஷயத்தில் தன்னாய்வின் முடிவு வேலை மாற்றமாக இல்லாமல், ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பைத் திரட்டுவதாக அமையலாம். குறைந்த கூலி, சட்டத்தை மீறிய வேலைநேரம், பாகுபாடு போன்றவற்றைத் தனிமனிதர் தன்னைத் திருத்திக்கொண்டு தீர்க்க முடியாது. அவை தாளில் திரும்பத் திரும்ப வந்தால், கொண்டுபோக வேண்டிய இடம் தொழிற்சங்கமோ தொழிலாளர் துறை அலுவலகமோதான். அங்கே மாதவாரியாக எழுதிய மணிநேரக் கணக்கு கையில் இருப்பது உதவும்.