ஏழுக்கும் பத்துக்கும் நடுவே

ஆலங்குடிப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நாலு வருஷத்துக்கு முன்னால், ஓர் ஐப்பசி ராத்திரி, என் தாய்மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எழுந்துபோய் கொல்லையில் ரத்தவாந்தி எடுத்தார். ஒரு செம்பு அளவு இருக்கும். இருபது வருஷக் குடி. ரெண்டு நாளாக மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. 108 வந்து புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனோம்.

போய்ச் சேர்ந்தபோது நாடித்துடிப்பு 124, ரத்த அழுத்தம் 80/50. ஹீமோகுளோபின் 6.4. உடனே சலைன் போட்டு, ராத்திரியோடு ராத்திரியாக ரெண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். விடியும்போது அழுத்தம் நூறைத் தாண்டியிருந்தது, நாடி 92. வாந்தி நின்றிருந்தது. ஹீமோகுளோபின் 7.7.

அதற்குள் ஊரிலிருந்து மூணு பைக்கில் ஆறு பையன்கள் வந்துவிட்டார்கள், ரத்தம் கொடுக்க. நான் பெருமையாகப் போய்ப் பணியிலிருந்த டாக்டரிடம் சொன்னேன். என்னைவிட வயது குறைந்த பெண்.

"இப்ப வேண்டாண்ணே. ரெண்டு யூனிட் போதும்."

"மேடம், பதிமூணு பதினாலு இருக்க வேண்டிய ஆளுக்கு ஏழுதான் இருக்கு. ஆளு ரெடியா நிக்குது. ஏத்துனா என்ன?"

"ஏத்துனா மறுபடி வாந்தி எடுப்பாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அம்மா, "காசு இல்லாத ஆளுங்கன்னு நெனச்சு ஏமாத்துறாங்கடா" என்று அழுதார். சத்தம் போட்டேன். என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் அசையவில்லை. அந்த 'வேண்டாம்' எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

ரத்தம் குறைந்தால் ஏற்று, பத்து வரும்வரை ஏற்று. இந்தப் 'பத்து' உலகம் முழுக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆட்சி செய்த எண். அதன் பிறப்பிடமாகப் பொதுவாகச் சொல்லப்படுவது 1942-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ஆடம்ஸ், லண்டி என்ற இருவர் எழுதிய கட்டுரை. ஹீமோகுளோபின் எட்டு முதல் பத்து கிராமுக்குக் கீழே இருந்தால் ஆபரேஷனுக்கு முன் ரத்தம் கொடுப்பது நல்லது என்றார்கள். அனுபவத்தில் சொன்னதுதான், இரண்டு கூட்டமாகப் பிரித்துச் சோதித்துப் பார்த்துச் சொன்னதல்ல. நாளடைவில் எட்டு உதிர்ந்துபோய்ப் பத்து மட்டும் விதியாக நின்றது.

அந்த விதியை முதலில் அசைத்தது ஹெச்.ஐ.வி. பயம். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். காசுக்கு ரத்தம் விற்பவர்களை நம்பி நடந்த ரத்த வங்கிகளை உச்ச நீதிமன்றம் 1996-இல் கண்டித்தது. 1998 முதல் அந்த வியாபாரத்துக்குத் தடை. அப்படியும் 2018 கடைசியில் சாத்தூரில், ரத்தசோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றிய ரத்தத்தில் ஹெச்.ஐ.வி. இருந்தது. அதனால் 'ரத்தம் சுத்தமா?' என்ற கேள்வி நமக்குத் தெரியும். 'சுத்தமான ரத்தம்தான், ஆனால் தேவையா?' என்ற கேள்வி நமக்குப் பழக்கமில்லை.

அதை முதன்முதலாகப் பெரிய அளவில் கேட்டவர்கள் கனடா டாக்டர்கள். பால் ஹெபர்ட் தலைமையில், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஏழுக்குக் கீழே போனால்தான் ரத்தம். மறு பாதிக்குப் பத்துக்குக் கீழே போனாலே ரத்தம். முடிவு 1999-இல் வந்தது. முப்பது நாளில் இறந்தவர்கள், குறைவாகக் கொடுத்த பக்கம் நூற்றுக்கு 18.7, தாராளமாகக் கொடுத்த பக்கம் 23.3. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்று கணக்கு சொன்னது. ஆனால் ஒன்று நிச்சயமானது: ஏறக்குறைய இரண்டு மடங்கு ரத்தம் வாங்கியவர்களுக்கு அதனால் எந்த லாபமும் இல்லை.

எப்படி? அமைதியாகப் படுத்திருக்கும் உடம்பு, ரத்தம் கொண்டுவரும் ஆக்ஸிஜனில் கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்கிறது. முக்கால் பங்கு இதயத்துக்குத் திரும்பிப் போகிறது. சிவப்பணு குறையும்போது இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கும், திசுக்கள் கொஞ்சம் அதிகமாக எடுத்துக்கொள்ளும். ஏழு வரைக்கும் பெரும்பாலானவர்கள் இப்படிச் சமாளித்துவிடுகிறார்கள். மறுபக்கம், ஒவ்வொரு யூனிட்டும் கால் லிட்டருக்கு மேற்பட்ட திரவம். ஹீமோகுளோபினை ஒரு கிராம் ஏற்றும், கூடவே குழாய்களை நிரப்பவும் செய்யும். வயதானவர்களுக்கு வேகமாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஆள் எழுந்து உட்கார்ந்து இருமினால் கவனிக்க வேண்டும்.

மாமாவின் விஷயத்துக்கு நேரான பதில் 2013-இல் பார்சிலோனாவின் சான்ட் பாவ் மருத்துவமனையிலிருந்து வந்தது. காந்திட் வில்யனுவேவா என்ற டாக்டரும் குழுவினரும், ரத்தவாந்தியோ கறுப்பு மலமோ கண்டு வந்த சுமார் 900 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு கூட்டத்துக்கு எல்லை ஏழு, இன்னொன்றுக்கு ஒன்பது. ஆறு வாரம் கழித்து உயிரோடு இருந்தவர்கள், ஏழு பக்கம் நூற்றுக்கு 95, ஒன்பது பக்கம் 91. மறுபடி ரத்தக்கசிவு வந்தது முறையே 10, 16. அதாவது அதிகம் ஏற்றியவர்களுக்குத்தான் அதிகம் கசிந்தது.

காரணம் கல்லீரல். குடியால் கல்லீரல் சுருங்கி இறுகும்போது, குடலிலிருந்து அதற்குப் போகும் ரத்தம் வழியில்லாமல் தேங்குகிறது. அழுத்தம் தாங்காமல் உணவுக்குழாயின் சின்ன நாளங்கள் புடைத்து, ஒருநாள் வெடிக்கின்றன. ரத்தம் போனதும் அழுத்தம் இறங்குகிறது, அடைப்பு விழுகிறது. அந்த நேரத்தில் நாம் யூனிட் யூனிட்டாக ஏற்றினால் அழுத்தம் திரும்ப ஏறி, அடைப்பைத் தள்ளிவிடும். பார்சிலோனாக்காரர்கள் அந்த அழுத்தத்தை அளந்தே காட்டினார்கள். தாராளமாக ஏற்றியவர்களுக்கு அது கூடியிருந்தது. "மறுபடி வாந்தி எடுப்பாரு" என்று அந்த டாக்டர் சொன்னது இதைத்தான்.

ஆனால் ஏழையும் இன்னொரு பத்தாக ஆக்கிவிடக் கூடாது. ரத்தம் குழாய் திறந்தாற்போல் கொட்டும்போது எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பார்சிலோனா ஆய்விலேயே அப்படிப்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. அந்த நேரத்தில் எண் பொய்யும் சொல்லும்: போவது முழு ரத்தம் என்பதால், மிச்சமிருப்பதன் அடர்த்தி முதல் சில மணி நேரம் குறையவே குறையாது. அப்போது நாடியும் அழுத்தமும்தான் சாட்சி. மாரடைப்பு வந்தவர்கள் கதையும் வேறு. அடைபட்ட இதயத்தால் வேகமாக ஓடி ஈடுகட்ட முடியாது. 2023-இல் 3,504 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த மின்ட் ஆய்வில், குறைவாகக் கொடுத்த பக்கம் நூற்றுக்கு 16.9 பேருக்கு மரணமோ மறு மாரடைப்போ வந்தது. தாராளமாகக் கொடுத்த பக்கம் 14.5. தீர்ப்பாகச் சொல்லுமளவுக்கு உறுதியான வித்தியாசம் இல்லை. ஆனாலும் இதய நோயாளிக்கு ஏழுவரை காத்திருக்கப் பல டாக்டர்கள் இப்போது தயங்குகிறார்கள்.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை இருக்கு?' மட்டும் அல்ல. இன்னும் கசிகிறதா, நாடி எப்படி, நெஞ்சு வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, ஆளுக்கு இதய நோய் உண்டா? ஒரு யூனிட் போட்டுவிட்டு இதையெல்லாம் திரும்பப் பார்த்த பிறகே அடுத்தது.

அன்று மத்தியானம் மாமாவுக்கு எண்டோஸ்கோப்பி செய்து, புடைத்த நாளங்களுக்கு ரப்பர் வளையம் மாட்டினார்கள். அழுத்தம் குறைக்கும் மருந்து ஊசி வழியாக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது யூனிட் தேவைப்படவில்லை. ஆறாம் நாள் 8.1-உடன் வீட்டுக்கு வந்தார். மிச்சத்தை இரும்புச்சத்து மாத்திரையும் மாதங்களும் பார்த்துக்கொண்டன. குடியை விட்டது ஒரு வருஷம்தான் என்பது வேறு கதை.

பையன்கள் ஆறு பேரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. "வந்ததுக்குக் குடுத்துட்டே போவோம் மாப்ள" என்று ரத்த வங்கிக்குப் போனார்கள். நாலு பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தன் எடை பத்தவில்லை. இன்னொருத்தனுக்கு ஹீமோகுளோபின் 11.8. கொடுக்க 12.5 வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். "மாமாவ விட நாலு கூட இருக்கே, எனக்கு ஏன் வேணாங்குறாங்க?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.